ரவுட்டர் கடிகாரத்தைச் சரிசெய்வது: இரவு ஒன்பதுக்கு நிற்கவேண்டிய நெட் மாலை ஆறரைக்கே நின்றால்

இரவு 9 மணிக்குப் பிள்ளையின் டேப்லெட்டுக்கு நெட் நிற்கவேண்டும் என்று ரவுட்டரில் நேரம் குறித்து வைத்திருக்கிறீர்கள். அது மாலை 6.30-க்கே நின்றுவிடுகிறது. இன்னொரு வீட்டில் அதே 9 மணிக் கட்டுப்பாடு, எல்லாரும் தூங்கிய பிறகு அதிகாலை 2.30-க்கு வேலைசெய்கிறது. இரண்டு வீட்டிலும் குறித்த நேரத்தில் தப்பில்லை. ரவுட்டர் தன் கடிகாரத்தில் 9 மணி ஆனதும் சொன்னதைச் செய்துவிட்டது. அந்தக் கடிகாரம்தான் நம் ஊர் நேரத்தைக் காட்டவில்லை.

இந்தப் பிரச்சினையில் நல்ல விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு நேரம் தள்ளிப்போகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். அதனால் எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், எது தப்பாக இருந்தது என்றே தெரியாமல் போய், அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு அதே தொல்லை திரும்ப வரும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில், கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் பேட்டரி கிடையாது. கணினியின் மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்குமே, அது இதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ரவுட்டருக்கு மணி தெரியாது. பல ரவுட்டர்கள் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ண ஆரம்பிக்கும். லினக்ஸ் கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி அது. வேறு சில, அந்த மென்பொருள் உருவாக்கப்பட்ட தேதியிலிருந்து தொடங்கும்.

அப்புறம் இணையம் வந்ததும், ரவுட்டர் ஒரு நேர சர்வரிடம் மணி கேட்கிறது. இந்தக் கேள்வி பதிலுக்கு என்.டி.பி. என்று பெயர். சர்வர் சொல்வது உலகப் பொது நேரம், அதாவது யு.டி.சி. மட்டும்தான். நீங்கள் மதுரையில் இருக்கிறீர்களா மாண்ட்ரியலில் இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. அந்த நேரத்தோடு இந்தியாவுக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டவேண்டும் என்பதை ரவுட்டர் தன் டைம் ஸோன் அமைப்பைப் பார்த்துத்தான் செய்கிறது.

ஆக, பழுது இரண்டு இடத்தில் வரலாம்: சர்வரிடமிருந்து மணி வராமல் போவது ஒன்று, வந்த மணியோடு கூட்டவேண்டியதைத் தப்பாகக் கூட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வித்தியாசத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கான கணக்கு இது. 9 மணிக் கட்டுப்பாடு ஐந்தரை மணி நேரம் தாமதமாக, அதிகாலை 2.30-க்கு வந்தால், ரவுட்டர் யு.டி.சி.யிலேயே நிற்கிறது, டைம் ஸோனை யாரும் தொடவில்லை. இரண்டரை மணி நேரம் முன்னதாக, மாலை 6.30-க்கு வந்தால், டைம் ஸோன் சீன நேரத்தில் இருக்கிறது. சீனாவின் நேரம் யு.டி.சி.யோடு 8 மணி கூட்டியது. நம் மாலை 6.30 அங்கே இரவு 9. அங்கே தயாராகிற பெட்டிகள் சில, அந்த ஊர் நேரத்தோடேயே நம் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே 8 மணிக் கணக்குதான் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் தப்பு கண்ணில் படவே படாது.

அரை மணி நேரம் மட்டும் பிசகினால், பட்டியலில் பக்கத்து வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். `UTC+05:00` என்று இருந்தால் 9 மணி வேலை 9.30-க்கு நடக்கும், `UTC+06:00` என்று இருந்தால் 8.30-க்கே நடந்துவிடும். சரியாக ஒரு மணி நேரம் முன்னால் நடந்தால் `Daylight Saving Time` என்ற கோடைக்கால நேர அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் மாறினால் டைம் ஸோன்மேல் குறையில்லை, நேரம் குறிக்கும்போது AM, PM மாறியிருக்கிறது.

வித்தியாசம் எந்தக் கணக்கிலும் அடங்காமல், நாளுக்கு நாள் வேறுபட்டால், அல்லது தேதியே 1970 என்று காட்டினால், மணி வரவே இல்லை. அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

அமைப்பை மாற்றும் முறை

முதலில் எந்தப் பெட்டியை மாற்றவேண்டும் என்று தெளிவாக இருங்கள். பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன: ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டி ஒன்று, அதற்குப் பிறகு நாமே வாங்கி வைத்த ரவுட்டர் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். நெட்டை நிறுத்தும் கட்டுப்பாட்டை எந்தப் பெட்டியில் வைத்தீர்களோ அதன் கடிகாரம்தான் கணக்கு.

டிபி-லிங்க் ஆர்ச்சர் வகையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற ரவுட்டர்களிலும் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்.

1. ரவுட்டரோடு இணைந்த கணினியில் அல்லது போனில் பிரவுசரைத் திறந்து `tplinkwifi.net` அல்லது `192.168.0.1` என்று அடித்து உள்ளே போங்கள்.

2. `Advanced` பகுதியில் `System` என்பதற்குக் கீழே `Time & Language` இருக்கும். பழைய மாடல்களில் `System Tools`, அதற்குள் `Time Settings`. அங்கே ரவுட்டரின் தற்போதைய நேரம் தெரியும். போனில் இருக்கும் மணியோடு ஒப்பிட்டு, தேதியையும் கிழமையையும் சேர்த்துப் பாருங்கள். கிழமை முக்கியம்: யு.டி.சி.யில் நிற்கும் ரவுட்டருக்கு, நம் திங்கட்கிழமை காலை 5.30 வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். பள்ளி நாட்களுக்கு மட்டும் வைத்த கட்டுப்பாடு ஞாயிறு பின்னிரவில் வேலைசெய்யாமல் போவது இதனால்தான்.

3. நேரம் எப்படி வரவேண்டும் என்ற இடத்தில், இணையத்திலிருந்து எடுத்துக்கொள் என்ற பொருளில் `Get from Internet` போல ஒரு வரி இருக்கும். அதையே தேர்ந்தெடுங்கள். கணினியிலிருந்து எடுக்கும் வரியும், கையால் அடிக்கும் வரியும் பக்கத்திலேயே இருக்கும். உடனே சரியாகிவிட்டதுபோலத் தெரியும் என்பதால் பலரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். ஆனால் அது அந்த ஒரு முறை மணியை நகல் எடுப்பதோடு சரி. கரண்ட் போய் வந்தால் போச்சு.

4. `Time Zone` பட்டியலில் `UTC+05:30` வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்ற பெயர்களோடு இருக்கும். பழைய ரவுட்டர்களில் UTC என்பதற்குப் பதில் GMT என்று போட்டிருப்பார்கள். இங்கே இரண்டும் ஒன்றுதான்.

5. `NTP Server` என்று இரண்டு பெட்டிகள் இருந்தால், ஒன்றில் `in.pool.ntp.org`, மற்றதில் `time.cloudflare.com` கொடுங்கள். இந்திய நேரத்தைப் பராமரிப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அவர்களுடைய சர்வர் `time.nplindia.org`. அதையும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு எதுவானாலும் போதும். இரண்டும் ஒரே இடத்தைச் சேர்ந்தவையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றது சொல்லும்.

6. கோடைக்கால நேரத்தை ஆஃப் செய்து, சேமியுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இப்போது அது கிடையாது. கனடாவின் பெரும்பாலான பகுதிகளிலோ இங்கிலாந்திலோ இருப்பவர்கள் ஆன் செய்யவே வேண்டும்; தொடங்கும் நாளும் முடியும் நாளும் உங்கள் நாட்டுக்குரியவைதானா என்று பாருங்கள். டொரண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியலில் உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். இலங்கை 1996-இல் தன் நேரத்தை முதலில் ஆறரை மணிக்கும், அதே ஆண்டு அக்டோபரில் 6 மணிக்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த இடைக்காலத்துப் பட்டியலை அப்படியே வைத்திருக்கும் பழைய பெட்டிகளில், ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற பெயர் `GMT+06:00` வரியில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே அரை மணி முன்னால் நடக்கும். அப்படிப்பட்ட ரவுட்டரில் தயங்காமல் சென்னை இருக்கும் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மணி வரவே இல்லை என்றால்

டைம் ஸோன் சரியாக இருந்தும் ரவுட்டர் 1970-ஐக் காட்டும் வீடுகள் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மாடியில் வைத்திருந்த ரவுட்டர் அப்படிப்பட்டது. கீழே ஃபைபர் பெட்டி, அதிலிருந்து ஒரு கேபிள் மேலே போய், மாடி ரவுட்டர் வெறும் வைஃபை கொடுக்கும் வேலையைச் செய்தது. இரவு 11 முதல் காலை 5 வரை மாடி வைஃபை அணையவேண்டும் என்று `Wireless Schedule`-இல் வைத்திருந்தார்கள். அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் அணைந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததால், ஒவ்வொரு முறையும் ரவுட்டர் தன் கணக்கை முதலிலிருந்து தொடங்கியது.

நடந்ததையெல்லாம் நேரத்தோடு ரவுட்டர் எழுதிவைக்கும் லாகைத் திறந்தபோது வரிகள் இப்படி இருந்தன:

```
1970-01-01 05:30:21  LAN port up
1970-01-01 05:30:47  Wireless started
```

இந்த 05:30 ஒரு நல்ல தடயம். யு.டி.சி.யில் நள்ளிரவு 00:00-இல் எண்ண ஆரம்பித்து, அதோடு ஐந்தரை மணி கூட்டினால்தான் 05:30 வரும். அப்படியானால் டைம் ஸோன் சரி, சர்வரிடமிருந்து மட்டும்தான் மணி வரவில்லை. இதுவே 00:00 என்று தொடங்கியிருந்தால் டைம் ஸோனையும் சந்தேகப்படவேண்டும். 08:00 என்றால் சீன நேரம்.

ஏன் வரவில்லை? மாடி வைஃபையில் எல்லாருக்கும் நெட் நன்றாகவே வந்துகொண்டிருந்தது, அதனால் யாருக்கும் இந்த எண்ணம் வரவில்லை. ஆனால் போன்கள் வெளியே போகும் வழியைக் கீழேயுள்ள ஃபைபர் பெட்டியிடம் கேட்டுக்கொள்கின்றன. மாடி ரவுட்டர் அவற்றின் டேட்டாவைக் கடத்திவிடுகிறதே தவிர, தனக்கென்று ஒரு வழி அதற்கும் தெரியவேண்டும். அதற்கு யாரோ கையால் `192.168.1.2` என்ற முகவரியைக் கொடுத்துவிட்டு, `Gateway` இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நேர சர்வரைத் தேடிப் போக அதற்கு வாசலே இல்லை.

`Gateway` இடத்தில் ஃபைபர் பெட்டியின் முகவரியான `192.168.1.1`-ஐக் கொடுத்து, சர்வர் பெயர்களுக்கு முகவரி சொல்லும் `DNS` இடத்திலும் அதையே கொடுத்துச் சேமித்தோம். கொஞ்ச நேரத்தில் தேதி சரியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இரண்டாவது ரவுட்டர் ஆக்சஸ் பாயின்ட்டாக ஓடினால் முதலில் இந்த இரண்டு இடங்களைப் பாருங்கள். முகவரியைத் தானாகவே வாங்கிக்கொள்ளும்படி வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

ஃபைபர் பெட்டியை டேட்டாவைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜாக மாற்றி, லாகின் எல்லாவற்றையும் சொந்த ரவுட்டரில் செய்பவர்கள், ஃபைபர் பெட்டியின் லாகில் 1970 வரிகளைப் பார்க்கலாம். அந்தப் பெட்டிக்கே நெட் இல்லாமல் போவதால் வருவது அது. கட்டுப்பாடு எதுவும் அதில் இல்லை என்றால் கவலைப்படாமல் விட்டுவிடலாம்.

இன்னொன்று: நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் நீங்கள் மாற்றிய டைம் ஸோன் சில நாளில் பழையபடி ஆகிவிட்டால், கம்பெனி தன் பெட்டிகளைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கும் முறையில் அவர்கள் வைத்த அமைப்பு திரும்பத் திரும்ப இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அவர்களிடம் சொல்லித்தான் மாற்றவேண்டும். அல்லது கட்டுப்பாடுகளை உங்கள் சொந்த ரவுட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதுவே எளிது.

ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டவர்களுக்கு

ரவுட்டரோடு வந்த மென்பொருளுக்குப் பதில் நாமே போட்டுக்கொள்ளும் ஓப்பன்டபிள்யூஆர்டியில், `System` பக்கத்தில் ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். கட்டளையில் செய்பவர்கள் கவனிக்கவேண்டிய பொறி ஒன்று உண்டு.

```
uci set system.@system[0].zonename='Asia/Kolkata'
uci set system.@system[0].timezone='IST-5:30'
uci commit system
/etc/init.d/system reload
/etc/init.d/cron restart
```

`IST-5:30` என்பதிலுள்ள கழித்தல் குறி தப்பில்லை. இந்த எழுத்துமுறையில், உள்ளூர் நேரத்திலிருந்து யு.டி.சி.க்குப் போக எவ்வளவு கூட்டவேண்டும் என்பதைத்தான் எழுதுகிறோம். நாம் யு.டி.சி.க்கு முன்னால் இருப்பதால் குறி கழித்தலாக வருகிறது. ஐந்தரை முன்னால்தானே என்று `IST+5:30` என்று எழுதினால், கடிகாரம் 11 மணி நேரம் பின்தங்கிவிடும். 11 மணி நேர வித்தியாசத்தைப் பார்த்தால் வேறெங்கும் தேடாதீர்கள், இந்தக் குறியைப் பாருங்கள்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்தான் கிரான். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கிரான், தான் தொடங்கியபோது இருந்த டைம் ஸோனையே பிடித்துக்கொண்டிருக்கும். `date` சரியான மணியைக் காட்டியும் கிரான் வேலைகள் பழைய நேரத்தில் ஓடுவது இதனால்தான். `date`, `date -u` இரண்டையும் அடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சரியாக ஐந்தரை மணி இருக்கவேண்டும்.

மறையாக்கம் செய்த டி.என்.எஸ். வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு விழும். அந்த சர்வரின் சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்று பார்க்க ரவுட்டருக்குச் சரியான தேதி வேண்டும். தேதி வேண்டுமென்றால் நேர சர்வரின் பெயருக்கு முகவரி தெரியவேண்டும், அதற்கு டி.என்.எஸ். வேண்டும். ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டும் நின்றுவிடும். நேர சர்வர் பட்டியலில் ஒன்றைப் பெயராக இல்லாமல் எண்ணாகவே கொடுத்துவிடுங்கள்: கூகுளின் நேர சர்வர் `216.239.35.0`, கிளவுட்ஃப்ளேரின் நேர சர்வர் `162.159.200.1`. பெயரைத் தேடாமலே மணி கிடைத்துவிடும், அப்புறம் மற்றதெல்லாம் தானாக எழுந்துகொள்ளும்.

பழைய லாக் வரிகளை எப்படிப் படிப்பது

கடிகாரத்தைச் சரிசெய்தாலும் ஏற்கனவே எழுதிய வரிகள் மாறாது. தவிர, ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும், மணி வந்து சேரும்வரை எழுதுகிற வரிகளில் தப்பான நேரம்தான் இருக்கும். அவை வீண் இல்லை, பின்னோக்கிக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரு ரவுட்டரின் லாகில் 1970-இன் கடைசி வரி `05:31:02`, அதற்கு அடுத்த வரி இன்றைய தேதியில் `19:42:10` என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணத் தொடங்கியது 05:30:00. ஆக மணி வந்து சேரும்போது ரவுட்டர் எழுந்து ஏறக்குறைய 62 விநாடி ஆகியிருந்தது. 19:42:10-இலிருந்து 62 விநாடியைக் கழித்தால் 19:41:08. அப்போதுதான் பெட்டி எழுந்தது. கரண்ட் வந்தது அதற்குச் சில விநாடிகள் முன்னால் இருக்கும். நெட் எப்போது போனது, எப்போது வந்தது என்று கம்பெனியிடம் புகார் சொல்லும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். டைம் ஸோன் மட்டும் தப்பாக இருந்த காலத்து வரிகளுக்கு இன்னும் எளிது: யு.டி.சி. என்றால் எல்லாவற்றோடும் ஐந்தரை மணி கூட்டுங்கள், சீன நேரம் என்றால் இரண்டரை மணி கழியுங்கள்.

கடைசியாகச் சோதித்துப் பார்ப்பது

கடிகாரம் சரியானதும் கட்டுப்பாட்டு நேரங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். தப்பான கடிகாரத்துக்கு ஏற்றபடி யாராவது நேரத்தையே மாற்றிக் குறித்திருந்தால், இப்போது அது தப்பாகிவிடும். நள்ளிரவைத் தாண்டும் கட்டுப்பாடுகளில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை என்று ஒரே வரியில் கொடுத்தால் சில ரவுட்டர்கள் ஏற்காது. அதை 22:00 முதல் 24:00 வரை, 00:00 முதல் 06:00 வரை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். இரண்டாவது துண்டு அடுத்த நாளின் கிழமையில் விழும்: வெள்ளி இரவுக்கு வைப்பதானால் முதல் துண்டு வெள்ளிக்கு, இரண்டாவது சனிக்கு.

அப்புறம் ரவுட்டரின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். நெட் வந்த சில நிமிடங்களில் நேரம் தானாகச் சரியாகவேண்டும். ஆகவில்லை என்றால், இதுவரை தெரிந்த சரியான நேரம் கணினியிலிருந்து நகல் எடுத்ததாகத்தான் இருக்கும். மூன்றாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

தேதி சரியாக வந்தபிறகு, பத்து நிமிடம் கழித்துத் தொடங்கும்படி ஒரு தற்காலிகக் கட்டுப்பாடு வைத்து, ஒரு போனில் சோதியுங்கள். வீடியோ ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். முன்கூட்டியே இறங்கிய பகுதி நெட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடும், ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பைச் சில ரவுட்டர்கள் உடனே வெட்டவும் செய்யாது. குறித்த நிமிடம் தாண்டியதும் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது வராமல் நின்றால் கடிகாரமும் கட்டுப்பாடும் ஒத்துப்போகின்றன. தற்காலிகக் கட்டுப்பாட்டை அழித்துவிடலாம்.